'ஆவி மெசின்' வாங்க முன் மருந்துத் துண்டைக் காட்டுங்கள்

அக்குறணையில் மின்சாதனக் கடை வைத்திருக்கும் எனக்கு, மறக்க முடியாத வியாபாரம் ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டு, மழை விடாமல் பெய்த ஒரு மாலை நேரம். இளம் தாய் ஒருவர் அவசரமாக வந்து, "நாநா, ஆவி பிடிக்கிற மெசின் ஒன்று தாங்க, புள்ளைக்கு முட்டு" என்றார். றாக்கையில் ஸ்டீமர்கள் இருந்தன. தண்ணீர் ஊற்றி பிளக்கைப் போட்டால் சில நிமிடங்களில் மூக்குக்கும் முகத்துக்கும் ஆவி வரும் சின்ன பிளாஸ்டிக் சாமான். அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கிப் போட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

மூன்று நாள் கழித்து அவருடைய கணவர் வந்தார். சண்டை பிடிக்கவில்லை, நடந்ததைச் சொன்னார். பக்கத்து வீட்டிலிருந்து நெபுலைசர் மருந்து வாங்கி அந்த ஸ்டீமருக்குள் ஊற்றி, பிள்ளையின் முகத்தை அதற்கு மேலே பிடித்திருக்கிறார்கள். முட்டுக் குறையவில்லை. 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று அரை மணித்தியாலம் போயிருக்கிறது. கடைசியில் நள்ளிரவில் முச்சக்கர வண்டியில் வைத்தியசாலைக்கு ஓடியிருக்கிறார்கள். பிள்ளை தப்பியது. "இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால்..." என்று டொக்டர் சொன்னதை அவர் என்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்கு விளங்கியது.

பிழை அந்தத் தாயினுடையது அல்ல. நம் ஊர்ப் பேச்சில் ஸ்டீமரும் 'ஆவி பிடிக்கிற மெசின்'தான், நெபுலைசரும் 'ஆவி பிடிக்கிற மெசின்'தான். அந்தப் பெயரைக் கேட்டதும் "யாருக்கு, என்ன வருத்தம், டொக்டர் என்ன எழுதினார்?" என்று நான்தான் கேட்டிருக்க வேண்டும். இன்று பக்கத்துக் கட்டடத்தில் மருந்தாளரான மகன் மருந்தகம் நடத்துகின்றான். நெபுலைசர்கள் அங்கேதான் விற்கப்படுகின்றன. அங்கே முதலில் கேட்கப்படுவது இந்தக் கேள்விகள்தான். அவற்றையே இந்த வாரம் வாசகர்களுக்கும் எழுதுகின்றேன்.

இரண்டும் ஒன்றல்ல

ஸ்டீமர் என்பது ஒரு சின்னக் கேத்தல். தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்குகின்றது. உப்புப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகிப் போகும், உப்பு சட்டியின் அடியில் நின்றுவிடும். முட்டுக்கான மருந்துகளும் அப்படித்தான். ஸ்டீமருக்குள் ஊற்றினால் வெறும் தண்ணீர் ஆவிதான் முகத்துக்கு வரும், மருந்து அடியிலேயே கிடக்கும். அந்தப் பிள்ளைக்கு அன்று இரவு ஒரு சொட்டு மருந்தும் போய்ச் சேராததற்கு இதுதான் காரணம்.

நெபுலைசர் சூடாக்குவதற்கான சாதனம் அல்ல. திரவ மருந்தை மிக நுண்ணிய துளிகளாக உடைத்து, மூச்சோடு உள்ளே போகும்படி செய்கின்றது. துளி சிறிதாக இருப்பதில்தான் விசயமே இருக்கின்றது. 5 மைக்ரோனுக்கு மேற்பட்ட துளிகளில் பெரும்பகுதி தொண்டையிலும் வாயிலும் ஒட்டிக்கொள்ளும். 1 முதல் 5 மைக்ரோன் வரையான துளிகளே சுவாசக் குழாய்களுக்குள் இறங்கும். மனிதத் தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரோன் என்றால், இது எவ்வளவு சிறியது என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே பெட்டியில் துளியின் அளவு எழுதப்பட்டிருக்கின்றதா, அது 5 மைக்ரோனுக்குக் குறைவா என்று பார்ப்பது, மெசினின் நிறத்தையும் வடிவத்தையும் பார்ப்பதைவிட முக்கியமானது.

அப்படியானால் ஸ்டீமரால் பயனே இல்லையா என்று கேட்கலாம். தடிமன் பிடித்த வளர்ந்தவருக்கு மூக்கடைப்பில் சற்று இதமாக இருக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது. அது முட்டைக் குறைக்காது, நோய்க்கிருமியைக் கொல்லாது. கொரோனாக் காலத்தில் எங்கள் கடையிலும் ஸ்டீமர்கள் பெட்டி பெட்டியாகப் போயின. ஆனால் ஆவி அந்த வைரஸைக் கொல்லும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. 2020இல் பர்மிங்ஹாம் சிறுவர் வைத்தியசாலை வைத்தியர்கள், வீட்டில் ஆவி பிடிக்கப் போய் வெந்நீரால் சுடுபட்டு வந்த பிள்ளைகளின் தொகை கூடிவிட்டதை 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள். சட்டியில் வெந்நீர் வைத்துத் துணியால் மூடி வேது பிடிப்பதும், ஸ்டீமரைப் பிள்ளையின் மடிக்குக் கிட்ட வைப்பதும் ஒரே ஆபத்துத்தான். சின்னப் பிள்ளைகளுக்காக ஸ்டீமர் கேட்டால் எங்கள் கடையில் இப்போது கொடுப்பதில்லை. ஒரு வியாபாரம் குறைந்தால் குறையட்டும்.

வாங்கத்தான் வேண்டுமா?

இனி நெபுலைசருக்கு வருவோம். வியாபாரி நானே இதைச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தொய்வு உள்ள பலருக்கு வீட்டில் நெபுலைசர் தேவையே இல்லை. பம்பும் அதோடு பொருத்தும் ஸ்பேசர் என்னும் பிளாஸ்டிக் கூடும் போதுமானவை. உயிராபத்தான நிலையில் இல்லாத தொய்வுத் தாக்கத்தின்போது, பம்பை ஸ்பேசரோடு சரியாகப் பாவித்தால் நெபுலைசருக்கு நிகரான பலன் கிடைக்கின்றது என்பது ஆய்வுகளில் நிறுவப்பட்ட விசயம். சின்னப் பிள்ளைக்கு ஸ்பேசரின் முனையில் முகமூடி பொருத்தலாம். கரண்ட் தேவையில்லை, சத்தமில்லை, பையில் போட்டுக்கொண்டு போகலாம், விலையும் குறைவு.

"வைத்தியசாலையில் நெபுலைசர் வைத்ததும்தானே புள்ளைக்குச் சுகமானது?" என்பார்கள். அங்கே கடும் முட்டோடு வரும் நோயாளிக்கு நெபுலைசரை ஒக்சிஜனால் இயக்குவார்கள், பக்கத்தில் டொக்டரும் இருப்பார். வீட்டு மெசின் அறையிலுள்ள சாதாரணக் காற்றைத்தான் அடிக்கும். வீட்டில் மெசின் இருக்கின்றது என்ற தைரியத்தில் ஆட்கள் வைத்தியசாலைக்குப் போகப் பிந்துவதுதான் பெரிய ஆபத்து. இதனால்தான் பிரித்தானிய மருந்து ஒழுங்குபடுத்தும் அமைப்பு 2022இல், பிள்ளைகளின் தொய்வுக்கு வீட்டில் நெபுலைசர் பாவிப்பதை விசேட வைத்தியரே தொடக்கி, அவரே மேற்பார்வை செய்ய வேண்டும் என்று அறிவுறுத்தியது.

ஆகவே துண்டில்லாமல் நெபுலைசர் வாங்க வருவோரை நாங்கள் முதலில் வைத்தியரிடம் அனுப்புகின்றோம். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள முதியவர்கள், பம்பை அழுத்தி மூச்சிழுக்க முடியாதவர்கள், திரவமாக மட்டுமே கிடைக்கும் மருந்து தேவைப்படுவோர் போன்றவர்களுக்கு வைத்தியரே எழுதிக் கொடுப்பார்.

மூன்று வகை, தீர்மானிப்பது மருந்து

கடைகளில் மூன்று வகை நெபுலைசர்கள் உண்டு.

முதலாவது கொம்பிரசர் வகை. பெட்டிக்குள் இருக்கும் பம்ப், குழாய் வழியே காற்றை மருந்துக் கிண்ணத்துக்குள் தள்ளும். கிண்ணத்திலுள்ள நுண்ணிய துவாரத்தால் காற்று வேகமாகப் பீறிடும்போது மருந்தை மேலே இழுத்துத் தூளாக்கும். அது ஒரு தடுப்பில் மோதும். பெரிய துளிகள் கிண்ணத்துக்குள் திரும்ப விழ, சிறியவை வெளியே வரும். இது சத்தம் போடும், ஒரு தடவைக்கு 5 முதல் 10 நிமிடம் எடுக்கும், கிண்ணத்தின் அடியில் 1 மில்லி அளவுக்கு மருந்து மிஞ்சும். ஆனால் வழக்கமாக எழுதப்படும் மருந்துகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பழுதானாலும் பெரும்பாலும் கிண்ணத்தையோ குழாயையோ மாற்றினால் போதும்.

இரண்டாவது அல்ட்ராசொனிக் வகை. மிக வேகமான அதிர்வினால் திரவத்தை உடைப்பது. சத்தம் மிகக் குறைவு. ஆனால் இயங்கும்போது மருந்தைச் சூடாக்குகின்றது. அதோடு புடசொனைட் போன்ற மருந்துகளுக்கு இது ஆகாது. புடசொனைட் தண்ணீரில் கரைந்த மருந்தல்ல, மாத்துகள்கள் மிதக்கும் பால் போன்ற திரவம். அல்ட்ராசொனிக் வகையில் தண்ணீர் துளியாகிப் போய்விடும், மருந்தில் பெரும்பகுதி பின்னுக்கு நின்றுவிடும். அந்த மருந்தைத் தயாரிப்போரே அதனோடு வரும் தாளில் இந்த வகையைப் பாவிக்க வேண்டாம் என்று எழுதியிருக்கின்றார்கள்.

மூன்றாவது மெஷ் வகை. ஊசிமுனையைவிட நுண்ணிய துவாரங்கள் நிறைந்த மெல்லிய தகடு அதிர்ந்து, மருந்தைத் துவாரங்களால் தள்ளும். உள்ளங்கைக்குள் அடங்கும், பற்றரியில் இயங்கும், சத்தம் அநேகமாக இல்லை, மருந்தும் குறைவாகவே மிஞ்சும். விலை கொம்பிரசர் வகையைவிடக் கூடியது. அதன் உயிர் முழுவதும் அந்தத் தகட்டில்தான் இருக்கின்றது. தகடு அடைபட்டால் அதை மாற்ற வேண்டும், அதன் விலையும் குறைந்ததல்ல. மிதக்கும் மருந்துகளைச் சில மெஷ் மெசின்கள் ஏற்கும், சில ஏற்கா. கைநூலில் மருந்தின் பெயரோடு எழுதியிருந்தாலன்றி நம்ப வேண்டாம்.

சத்தம்

வாங்க வருவோர் அதிகம் முறையிடுவது சத்தத்தைப் பற்றித்தான். கொம்பிரசர் வகை பெரும்பாலும் 55 முதல் 65 டெசிபல் வரை சத்தமிடும். சாதாரண உரையாடல் 60 டெசிபல் அளவு. பகலில் பரவாயில்லை, நடு இரவில் சின்ன வீட்டில் அது பெரிய சத்தம்தான்.

சத்தம் வெறும் தொந்தரவு மாத்திரமல்ல. மெசினுக்குப் பயந்து அழும் பிள்ளைக்கு மருந்து சரியாகப் போய்ச் சேராது. அழும்போது மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் படிந்து வயிற்றுக்குத்தான் போகும். அழுகிறதே என்று முகமூடியை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தால் இன்னும் மோசம், சில சென்ரிமீற்றர் தூரமே கிடைக்கும் மருந்தை வெகுவாகக் குறைத்துவிடும். ஆகவே வாங்க முன் கடையிலேயே மெசினைப் போட்டுச் சத்தத்தைக் கேளுங்கள். பிள்ளையையும் கூட்டி வந்தால் நல்லது. வீட்டில் குழாய் எட்டும் அளவுக்கு மெசினைத் தூரத்தில், உறுதியான மேசையில் வையுங்கள். சத்தம் குறையட்டும் என்று மெத்தையில் வைப்பதும் துணியால் மூடுவதும் கூடாது. காற்றுத் துவாரம் அடைபட்டு மோட்டார் சூடாகிக் கெட்டுப்போகும்.

ஒரு வாடிக்கையாளரின் கதை

இவற்றையெல்லாம் வைத்து எப்படித் தெரிவு செய்வது என்பதை, அண்மையில் வந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரின் கதையால் விளக்குகின்றேன்.

மனைவிக்கு 68 வயது, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மார்பு நோய்க் கிளினிக்கில் நெபுலைசர் வாங்கும்படி எழுதிக் கொடுத்திருந்தார்கள். சேர் வந்ததும் வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய படத்தைக் காட்டி, "இந்தக் கையடக்க மெசின்தான் நல்லதாம், சத்தமே இல்லையாம். இதையே தாங்க" என்றார். மகன் துண்டைக் கேட்டான். சல்பியூட்டமோல், இப்ராட்ரோபியம் என்று இரண்டு கரைசல்களும் கலப்பதற்குச் சேலைனும் எழுதப்பட்டிருந்தன. இரண்டும் தெளிந்த கரைசல்கள், மூன்று வகை மெசினும் பொருந்தும். ஆகவே மருந்தைப் பொறுத்தவரை சேர் கேட்டதைக் கொடுக்கத் தடையில்லை.

அடுத்த கேள்வி: "சேர், மெசினைக் கழுவுவது யார்?" சற்று யோசித்து, "அவதான். ஆனால் கை விரல்கள் மூட்டுவாதத்தில் மடங்காது. நானும் அவவும் தனியத்தான் இருக்கிறோம்" என்றார். மெஷ் மெசினின் சின்னப் பாகங்களைக் கழற்றித் தகட்டில் விரல் படாமல் அலசி மாட்டுவது அந்தக் கைகளுக்கு முடியாத வேலை. சேருக்கும் கண் பார்வை குறைவு. கழுவாமல் விட்டால் சில மாதங்களில் தகடு அடைபடும். கொம்பிரசரின் கிண்ணமோ திருகித் திறந்தால் இரண்டு மூன்று பாகம், எல்லாம் கைக்கு அகப்படும் அளவு. தனிய இருக்கும் இருவருக்கு இரவுச் சத்தம் பெரிய பிரச்சினையுமல்ல. ஆகவே சத்தம் குறைந்த கொம்பிரசர் ஒன்றைப் போட்டுக் காட்டினோம். சேர் ஒத்துக்கொண்டார்.

மூன்றாவது கேள்வி கண்ணைப் பற்றியது. டீச்சருக்குக் கண் அழுத்த நோய் இருப்பதாகச் சேர் பேச்சுவாக்கில் சொன்னார். இப்ராட்ரோபியம் துளிகள் முகமூடியின் ஓரத்தால் கசிந்து கண்ணில் பட்டால் அந்த அழுத்தம் திடீரெனக் கூடலாம். மகன் உடனே கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டான். முகமூடிக்குப் பதிலாக வாயில் வைத்து உறிஞ்சும் குழலைப் பாவிக்கும்படி டொக்டர் சொன்னார். ஒரே மெசின்தான், ஆனால் முனையில் மாட்டும் சின்னப் பிளாஸ்டிக்கில்தான் வித்தியாசம் இருந்தது. கண் வருத்தம் இருந்தால் மறக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசியாகச் சேர் கேட்டார்: "மகளுடைய சின்னவனுக்கும் அடிக்கடி இழுப்பு. வந்து நிற்கும்போது இதையே வைக்கலாம்தானே?" வைக்கக்கூடாது. பேரனுக்கு எந்த மருந்து, எவ்வளவு, நெபுலைசரே வேண்டுமா என்பதை அவனைப் பார்க்கும் டொக்டர் சொல்ல வேண்டும். அவர் எழுதினாலும் கிண்ணமும் முகமூடியும் அவனுக்கென்று தனியாக வாங்க வேண்டும். பெட்டியையும் மோட்டாரையும் பகிரலாம், வாயில் படும் எதையும் பகிரக்கூடாது.

கழுவுதல்

மருந்தும் எச்சிலும் ஈரமும் சேர்ந்த கிண்ணம் கிருமி வளர ஏற்ற இடம். அடுத்த முறை மெசினைப் போட்டால் அந்தக் கிருமியை நேரே நுரையீரலுக்கு அனுப்புவதாகிவிடும். ஒவ்வொரு தடவையும் பாவித்த பின் மிஞ்சிய மருந்தைக் கொட்டிவிட்டு, கிண்ணத்தையும் முகமூடியையும் அல்லது வாய்க் குழலையும் பாத்திரம் கழுவும் சோப்புக் கலந்த இளஞ்சூட்டு நீரில் கழுவி, கொதித்தாறிய நீரில் அலச வேண்டும். பிறகு உதறிச் சுத்தமான துணியில் பரப்பிக் காற்றில் உலர விடுங்கள். துணியால் துடைத்தால் பஞ்சு துவாரத்தில் போய் அடைக்கும். ஈரத்தோடு பையில் போட்டு மூடி வைப்பதுதான் மிகவும் கூடாத பழக்கம். கிருமி நீக்குவதற்கு, கைநூல் அனுமதித்தால் கிண்ணத்தின் பாகங்களைக் கொதிக்கும் நீரில் 5 நிமிடம் போடலாம். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதையும் கைநூலில் பாருங்கள். எல்லாப் பிளாஸ்டிக்கும் கொதிநீரைத் தாங்காது.

காற்றுக் குழாயைக் கழுவ வேண்டாம். உள்ளே ஈரம் தெரிந்தால் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு மெசினை ஒன்றிரண்டு நிமிடம் ஓட விடுங்கள், காற்றிலேயே உலர்ந்துவிடும். உள்ளே கறுப்புப் பூஞ்சணம் தெரிந்தால் குழாயை எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். மெசினில் காற்று உள்ளே போகும் இடத்தில் சின்ன வடிகட்டி இருக்கும். நிறம் மாறினால் மாற்ற வேண்டியது, கழுவித் திரும்பப் போடுவதற்கல்ல. மெஷ் வகையில் தகட்டை ஊசியாலோ தூரிகையாலோ தொடவே கூடாது.

மருந்தைக் கலப்பதற்குக் குழாய்த் தண்ணீரோ கொதித்தாறிய தண்ணீரோ ஆகாது. மூடி முத்திரையிட்ட 0.9 வீதச் சேலைன் மட்டுமே ஆகும். யூகலிப்டஸ் எண்ணெய், தைலம் போன்றவற்றை நெபுலைசருக்குள் ஊற்றுவோரும் இருக்கின்றார்கள். எண்ணெய்த் துளி நுரையீரலுக்குள் போனால் அங்கே அழற்சியை உண்டாக்கும். அது ஒருபோதும் வேண்டாம்.

ஒரு சின்னப் பரிசோதனை

மெசின் பலவீனமாவதை எப்படி அறிவது? வாங்கிய அன்றே ஊசிச் சிரிஞ்சால் 3 மில்லி சேலைனை அளந்து கிண்ணத்தில் விட்டு மெசினைப் போடுங்கள். புகை விட்டு விட்டு வந்து, கிண்ணத்துக்குள் 'சடசட' என்ற சத்தம் கேட்கும் வரை எத்தனை நிமிடம் என்று பாருங்கள். அந்த எண்ணையும் திகதியையும் ஒரு பிளாஸ்டரில் எழுதி மெசினின் அடியில் ஒட்டிவிடுங்கள். மாதம் ஒருமுறை இதையே செய்யுங்கள்.

சேர் வீட்டு மெசின் முதல் நாள் 8 நிமிடம் எடுத்தது. நான்காவது மாதம் 15 நிமிடம் என்று தொலைபேசியில் சொன்னார். குழாயின் முனையில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னோம், காற்று பலமாகத்தான் வந்தது. அப்படியென்றால் பம்பில் பிழையில்லை, கிண்ணத்தின் துவாரத்தில் மருந்து உப்புப் படிந்திருக்க வேண்டும். புதுக் கிண்ணம் போட்டதும் திரும்ப 8 நிமிடமானது. காற்றும் பலவீனமாக வந்திருந்தால் வடிகட்டி, குழாயின் வெடிப்பு, பிறகு பம்ப் என்ற வரிசையில் பார்த்திருப்போம். இந்த ஒட்டுத்துண்டு இல்லாவிட்டால் டீச்சருக்கு மருந்து சரியாகக் கிடைக்கவில்லை என்பதே தெரிந்திருக்காது. வருத்தம் கூடிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் மெசின்

வெளிநாட்டிலிருக்கும் உறவினர் கொண்டு வரும் மெசினைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் நாட்டில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். சவூதியில் 60 ஹேர்ட்ஸ், பழைய மெசின்களில் 127 வோல்ட் என்றும் இருக்கும். 127 வோல்ட் மெசினை இங்கே பிளக்கில் போட்டால் எரிந்துவிடும். வோல்ட் சரியாக இருந்து 60 ஹேர்ட்ஸ் மட்டுமே எழுதப்பட்டிருந்தால் எரியாமல் போகலாம், ஆனால் மோட்டார் மெதுவாகச் சுழன்று காற்றின் பலம் குறையும். அடியிலுள்ள லேபிளில் 50 ஹேர்ட்ஸ் என்றும் எழுதியிருக்கின்றதா என்று பாருங்கள்.

இங்கே வாங்கும்போதும் கவனம் வேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி மருத்துவச் சாதனங்களைப் பதிவு செய்வது தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் பொறுப்பு. பதிவு செய்யப்பட்ட சாதனமா, கிண்ணமும் வடிகட்டியும் தனியாக வாங்கக் கிடைக்குமா, உத்தரவாதம் மோட்டாருக்கு மட்டுமா என்று கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். உதிரிக் கிண்ணம் கிடைக்காத மலிவு மெசின், சேர் வீட்டில் நடந்தது போல நான்கு மாதத்தில் துவாரம் அடைபட்டால் குப்பைக்குத்தான் போகும்.

கரண்ட் போனால்

2022இல் மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். நெபுலைசரை மட்டும் நம்பியிருந்தவர்கள் அந்த நாட்களில் பட்ட பாட்டைக் கடையில் இருந்து பார்த்தேன். ஆகவே சேரிடமும், மெசினோடு நிற்காமல் டொக்டரிடம் கேட்டுப் பம்பும் ஸ்பேசரும் எழுதி வாங்கி வைக்கச் சொன்னோம். வாங்கியும் வைத்தார்.

வீட்டில் எந்த மெசின் இருந்தாலும் அதற்கு எல்லை உண்டு. டொக்டர் சொன்ன அளவு மருந்தைப் பிடித்தும் சுகம் இல்லை, அல்லது சுகம் வந்து நான்கு மணித்தியாலத்துக்குள் திரும்ப முட்டு வருகின்றது, ஒரு வசனத்தை முடிக்க மூச்சுப் போதவில்லை, பிள்ளையின் விலாவுக்கு இடையே தோல் உள்ளிழுக்கின்றது, உதடு நீலமாகின்றது என்றால் அடுத்த தடவை மருந்தை ஊற்றிக்கொண்டு இருக்காதீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். அது வரும் வரை, டொக்டர் சொல்லித்தந்தபடி பம்பையோ நெபுலைசரையோ தொடரலாம். ஆனால் புறப்படுவதைப் பிந்தவிடக்கூடாது.

2009இல் அந்தத் தாய் வந்தபோது இந்தக் கேள்விகளில் ஒன்றையாவது நான் கேட்டிருந்தால், அந்தப் பிள்ளையை அன்றே வைத்தியசாலைக்கு அனுப்பியிருப்பேன். இப்போது எங்கள் கல்லாப் பெட்டிக்கு மேலே ஒரு அட்டை தொங்குகின்றது. "ஆவி மெசின் வாங்க வந்தீர்களா? முதலில் மருந்துத் துண்டைக் காட்டுங்கள்" என்று எழுதியிருக்கின்றது. நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும், அங்கே கேட்காவிட்டாலும், நீங்களாகவே துண்டை எடுத்துக் காட்டுங்கள்.